முன்பு சொன்னதை மறக்காமல் விசாரிப்பது: பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர்களின் கேள்விகள்

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தாமான்களில், தோட்டத்து லயத்தை விட்டு வந்து குடியேறிய பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். கோயில் மூலமாகவோ அக்கம்பக்க உறவாகவோ இவர்களை அவ்வப்போது போய்ப் பார்த்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். போன முறை அவர் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை இந்த முறை நாம் எப்படிக் கேட்பது என்பது ஒன்றைப் பற்றித்தான் எல்லாக் கேள்விகளும்.

எனக்கு ஞாபகசக்தியே கம்மி. வீட்டுச் சாவியையே தினமும் தேடுற ஆளு நான். என்னால இதெல்லாம் முடியுமா?

முடியும். இதற்குப் பெரிய ஞாபகசக்தி தேவையில்லை. கேட்ட அன்றே எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் போதும். எர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்துப் பார்த்தார். மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் கைவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. மனிதர்கள் சொல்லும் செய்திக்கு அர்த்தம் இருப்பதால் அது இவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனாலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம் தொலைகிறது என்பது இதற்கும் பொருந்தும்.

அதனால் நாளைக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாட்டி சொன்ன நாள், ஊர், பேர் எல்லாம் கலந்துபோகும். அவர் கண் ஆபரேஷனைப் பற்றி ஏதோ சொன்னார் என்ற அளவில்தான் மிஞ்சும்.

ஒரு பாட்டி உட்கார்ந்தாங்கன்னா ஒரு மணி நேரம் பேசுறாங்க. அதுல எதைத்தான் பிடிச்சு வெச்சுக்கிறது?

ஒரு சந்திப்புக்கு இரண்டு விஷயம் போதும். ஒன்று, இனிமேல் நடக்கப் போகிறது: மருத்துவமனைத் தேதி, பேத்தியின் எஸ்பிஎம் பரீட்சை, மகன் வருகிற நாள். இன்னொன்று, நாம் கேட்காமலேயே அவர் இரண்டாவது முறையும் தானாக எடுத்துச் சொன்னது. ஒருவர் ஒரே பேச்சில் ஒரு விஷயத்துக்குத் திரும்பி வந்தால் அவர் மனம் அங்கேதான் கிடக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் பதில்களிலும் இதையே தொடர்வோம். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், முன்பு பால்மரம் வெட்டியவர், இப்போது தனியாக இருக்கிறார். வலது கண்ணில் புரை. சுங்கை பூலோ மருத்துவமனையில் ஜூலை 21 செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பேச்சுக்கு நடுவே, “கோழிக்கு யாரு தீனி போடுவா” என்று ஒருமுறை சொல்கிறார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “அந்தச் செவலைக் கோழி வேற அடைகாத்துக்கிட்டு இருக்கு” என்கிறார். ஆபரேஷனைப் பற்றிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கோழியைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. எனவே குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: 21-ஆம் தேதி, செவலைக் கோழி.

அவங்க பேசும்போதே கைப்பேசியில தட்டி வெச்சுக்கிட்டா வசதிதானே?

வேண்டாம். பெரியவர் பேசும்போது நாம் கைப்பேசியைக் குனிந்து பார்த்தால், வேறு யாருடனோ வாட்ஸ்அப்பில் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார். குறிப்பெடுக்கிறோம் என்று சொன்னாலோ, விசாரணைக்கு வந்தவர் முன்னால் உட்கார்ந்ததுபோல் பேச்சை அளந்து பேசத் தொடங்குவார்.

தேதி, மருத்துவமனைப் பேர் போன்றவை மட்டும் விதிவிலக்கு. “இருங்க பாட்டி, அந்தத் தேதியை நான் எழுதிக்கிறேன். அன்னைக்குக் காடி வேணும்னா ஏற்பாடு பண்ணலாம்” என்று காரணத்தைச் சொல்லிவிட்டு அவர் கண் முன்னாலேயே எழுதுங்கள். மருத்துவமனை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாய்வழியாக வரும் தேதியில் பிழை அதிகம். மற்றதையெல்லாம் விடைபெற்று வந்து, மோட்டாரை முடுக்குவதற்கு முன்பு எழுதுங்கள். இரண்டு நிமிடம் போதும். வீட்டு வாசலிலேயே நின்று எழுதாமல் தெருமுனைக்கு வந்துவிடுங்கள்.

என்ன எழுதணும்? நான் எழுதினதைப் பார்த்தா எனக்கே ஒண்ணும் புரியல.

பெரும்பாலும் “கண் ஆபரேஷன், கோழி” என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அதற்கு அர்த்தம் இருக்காது. நான்கு வரி எழுதுங்கள்: எப்போது பேசியது, அவர் வாயில் வந்த சொல் அப்படியே, எப்போது நடக்கும், நான் அடுத்து என்ன கேட்பேன். மேலே சொன்ன பாட்டிக்கு அது இப்படி இருக்கும்:

ஜூலை 9, வியாழன் மாலை.
வலது கண் புரை. “கோழிக்கு யாரு தீனி போடுவா.” செவலை அடைகாக்குது.
ஆபரேஷன் ஜூலை 21 செவ்வாய், சுங்கை பூலோ. கூடப் போவது மருமகள்.
கேட்க: செவலைக் கோழி பொரிச்சுதா? தீனிக்கு ஆள் கிடைச்சுதா?

நான்காவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்வியாக எழுதி வைக்காத செய்தி, நேரில் பார்க்கும்போது நாக்குக்கு வராது. இரண்டாவது வரியில் அவருடைய சொல்லை மாற்றாதீர்கள். அவர் ‘செவலை’ என்றால் நாமும் செவலை என்றுதான் கேட்க வேண்டும். அவர் ‘பிரட்டுக்களம்’ என்றால் அதை ‘ஒன்றுகூடும் இடம்’ என்று ஆக்க வேண்டாம். இந்த ஊருக்கே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றினார்கள். பெரியவர்கள் பலருக்கு இன்னமும் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர் அப்படிச் சொல்லும்போது நாமும் அப்படியே சொல்வது, அவர் பேச்சை நாம் காதில் வாங்கினோம் என்பதற்கு முதல் அடையாளம்.

எழுதி வெச்சதோட சரி, அதைத் திருப்பிப் பார்க்கவே மறந்துடுறேன். என்ன செய்யலாம்?

தேதி உள்ளதைக் கைப்பேசி நாட்காட்டியில் போடுங்கள், ஆனால் நடக்கிற நாளில் போடாமல் அதற்கு முந்தின மாலையில் போடுங்கள். ஆபரேஷன் 21-ஆம் தேதி என்றால் நினைவூட்டல் 20-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டும். அன்று காலையில் அடித்தால் பாட்டி அதற்குள் காடியில் ஏறிப் போயிருப்பார்.

தேதி இல்லாததை, அவர் வீட்டுக்குப் போகிற வழியில் தவறாமல் நிற்கிற ஓர் இடத்தோடு சேர்த்துவிடுங்கள். மோட்டாருக்கு எண்ணெய் போடுகிற நிலையமாக இருக்கலாம், ரொட்டி வாங்குகிற கடையாக இருக்கலாம். ‘அங்கே நின்றதும் குறிப்பேட்டில் பாட்டியின் பக்கத்தைத் திறப்பேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், ‘எப்போதாவது பார்க்க வேண்டும்’ என்ற எண்ணத்தைவிட இது நன்றாக வேலை செய்யும். திறப்பதற்கு முன், போன முறை என்ன பேசினோம் என்று ஒரு நிமிடம் நீங்களே யோசித்துப் பாருங்கள். தானாக நினைவிலிருந்து எடுத்துப் பார்த்த செய்தி, வெறுமனே மறுபடி வாசித்த செய்தியைவிட நீண்ட நாள் நிற்கும்.

சரி, எப்போ, எப்படிக் கேக்கணும்? போனதும் ‘கோழி என்னாச்சு’ன்னு கேட்டா ஒரு மாதிரியா இருக்காதா?

போனதும் கேட்க வேண்டாம். “பசியாறியாச்சா பாட்டி” என்று தொடங்கி, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கட்டும். பேச்சில் முதல் இடைவெளி வரும்போது கேளுங்கள். நீளமாக முன்னுரை போட வேண்டாம். “போன தடவை நீங்க ஒரு கோழியைப் பத்திச் சொன்னீங்களே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்று தொடங்கினால் பேச்சு நம் ஞாபகத்தைப் பற்றியதாகிவிடும். “செவலை பொரிச்சிடுச்சா பாட்டி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பதில் சொன்னதும் அதிலிருந்தே அடுத்த கேள்வி வர வேண்டும். “ஆறு குஞ்சு” என்றால், “பருந்து வருதா இந்தப் பக்கம்?” என்று கேட்கலாம். உடனே உங்கள் வீட்டுக் கோழிக் கதைக்குப் போய்விடாதீர்கள்.

அந்தப் பாட்டிக்கு நாள்வாரியாக இதைப் பார்ப்போம். 20-ஆம் தேதி மாலை ஒரு சின்ன அழைப்பு: “நாளைக்குப் போறீங்கள்ல, கோழிக்கு நான் காலையில வந்து தீனி போட்டுடுறேன், வாளி எங்க இருக்கு?” 21-ஆம் தேதி தீனி போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அன்று அழைக்க வேண்டாம். புரை ஆபரேஷன் பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபரேஷன்தான் என்றாலும், அவர் களைத்துப்போய்த் திரும்புவார். மூன்று நான்கு நாள் கழித்துப் போங்கள். அப்போது கண்ணைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். “எப்படி இருக்கு” என்றால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். “சொட்டு மருந்தை யாரு விட்டு விடுறாங்க?” என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். அந்தச் சொட்டு மருந்தை வழக்கமாகச் சில வாரங்களுக்கு ஒரு நாளைக்குப் பல முறை விட வேண்டியிருக்கும். தனியாக இருக்கிறவருக்கு அதுதான் பெரிய தொல்லை. தொடக்க நாட்களில் குனிவதையும் கண்ணில் தூசி படுவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். கோழிக்கூட்டைக் கூட்டுவது இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேலை. ஆக, அவர் இரண்டு முறை எடுத்துச் சொன்ன கோழிக் கவலை வெறும் செல்லக் கவலை இல்லை என்பதும் இங்கே விளங்கும். கூட்டைக் கூட்டிக் கொடுக்க ஒரு பையனைப் பிடித்துவிட்டால் அவர் கண்ணுக்கே அது நல்லது.

எல்லாம் ஞாபகம் இருக்கு, பேரு மட்டும் நிக்க மாட்டேங்குது. பேரன் பேத்தி பேரையெல்லாம் எப்படி வெச்சுக்கிறது?

பேர் மறப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். ஒருவர் இன்ன தொழில் செய்கிறார் என்று சொன்னால் மனம் அதோடு பத்துப் படங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பேருக்கு அப்படிச் சேர ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் பேரைத் தனியாக எழுதாமல் ஒரு செயலோடு எழுதுங்கள். பேர், அதன் பக்கத்தில் ‘ஐந்தாம் படிவம், கணக்குக்குப் பயப்படுகிறாள்’. அப்படியும் பேர் வரவில்லை என்றால் தயங்க வேண்டாம். “கணக்குப் பரீட்சைக்குப் பயந்துச்சே, உங்க பேத்தி, எப்படி எழுதுச்சு?” என்று கேட்டால் போதும். பாட்டியே பதிலில் பேரைச் சொல்லிவிடுவார்.

‘இதையெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சிருக்க’ன்னு ஒரு மாதிரியா பாத்தாங்க. வேவு பாக்குறேன்னு நினைச்சுக்குவாங்களோ?

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஒரே மூச்சில் நிறையக் கேட்டிருப்பீர்கள். கோழி, கண், பேத்தி, மருமகள், பழைய கங்காணி என்று ஐந்தையும் அடுக்கினால் யாருக்கும் திகைப்புத்தான் வரும். ஒரு சந்திப்புக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றவை ஏட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, அவர் உங்களிடம் சொல்லாத விஷயத்தைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது, இவற்றை அவரிடம் எடுக்கவே கூடாது. அவரே உங்களிடம் சொன்னது மட்டும்தான் உங்கள் கைவசம். சின்ன ஊரில் இது இன்னும் முக்கியம். மகன் கடனில் மாட்டிக்கொண்டது தாமான் முழுக்கத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவர் வாயைத் திறக்கும் வரை உங்களுக்குத் தெரியாது. குறிப்பேட்டிலும் அதை எழுத வேண்டாம். அடையாள அட்டை எண், வங்கி விவரம், குடும்பச் சண்டை ஆகியவையும் அதில் வரக்கூடாது. ஏடு தொலைந்து வேறொருவர் கையில் கிடைத்தாலும் பெரியவருக்குத் தலைகுனிவு வராத அளவுக்குத்தான் அதில் இருக்க வேண்டும்.

அவரே சொன்னதாக இருந்தாலும், யார் முன்னால் கேட்கிறோம் என்று பாருங்கள். உங்களிடம் தனியாகச் சொன்ன மூட்டுவலியை, கோயில் அன்னதான வரிசையில் பத்துப் பேர் நடுவே விசாரித்தால் அது அக்கறையாகப் படாது.

மருமகள் பேரை மாத்திச் சொல்லிட்டேன். அவங்க முகமே மாறிடுச்சு. இனி என்ன பண்றது?

உடனே “மன்னிச்சுக்குங்க பாட்டி, மாத்திச் சொல்லிட்டேன்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, சரியான பேரைக் கேட்டு, அதே பேச்சில் ஒருமுறை அந்தப் பேரைப் பயன்படுத்துங்கள். நீளமாக வருந்தினால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிவரும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது இரண்டு வீட்டுச் செய்தி ஒன்றாகக் கலப்பதால்தான். ஒரே மாலையில் நான்கு வீட்டுக்குப் போய்விட்டு இரவில் மொத்தமாக எழுதுகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அப்படிக் குறி போட்டதை அடுத்த முறை அடித்துச் சொல்லாமல், “பெரிய மருமகள்தானே கூட வந்தாங்க?” என்று கேட்கலாம்.

நல்ல செய்தியா இருக்கும்னு கேட்டேன், ஆனா அது கெட்டதா முடிஞ்சிருந்துச்சு. இந்தச் சங்கடத்தை எப்படித் தவிர்க்கிறது?

முழுக்கத் தவிர்க்க முடியாது, ஆனால் கேள்வியின் வடிவத்தால் குறைக்கலாம். “பேத்தி எத்தனை ஏ எடுத்துச்சு?”, “கல்யாணத் தேதி குறிச்சாச்சா?” போன்ற கேள்விகள் நல்ல பதிலை எதிர்பார்த்து நிற்கின்றன. பதில் அப்படி இல்லாதபோது பெரியவர் பொய் சொல்ல வேண்டும் அல்லது அவமானப்பட வேண்டும். “பேத்தி இப்போ என்ன செய்யுது?” என்றால் அவர் விரும்பிய அளவுக்குச் சொல்லலாம், விரும்பாவிட்டால் “வீட்டுலதான் இருக்கு” என்று நகர்ந்துவிடலாம். பரீட்சை முடிவு, பிள்ளைப்பேறு, வேலை நேர்காணல், பெண் பார்த்துப் போனது எல்லாவற்றுக்கும் இதே வடிவம்தான். இவற்றை அவராக முதலில் எடுக்கும் வரை ஒரு வாரம் காத்திருப்பது இன்னும் நல்லது.

இறந்தவரைப் பற்றி நீங்கள் தெரியாமல் கேட்டுவிட்டால், பேச்சை மாற்றாதீர்கள். “எனக்குத் தெரியாது பாட்டி” என்று சொல்லி அமைதியாக இருங்கள். பிறகு, இறந்தவரைப் பற்றி அவர் முன்பு சொன்ன ஒரு சின்ன விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ‘தாத்தா தே ஓ-வில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பார்னு சொன்னீங்களே’ என்பது போன்ற ஒன்று. அன்றைக்கு நீங்கள் சொல்லக்கூடியதில் அதுவே மேலானது. திதி நாளையும் எழுதி வையுங்கள்.

அவருக்குப் பிடிச்சதைச் சொன்னாரு, அதையே வாங்கிட்டுப் போனேன். ஆனா சாப்பிட மாட்டேன்னுட்டாரு. ஏன்?

பிடித்தது என்பதும் இப்போது சாப்பிடலாம் என்பதும் வேறு. எங்கள் பகுதியில் அதிகம் நடக்கும் பிழை டயாலிசிஸ் செய்கிறவர்களிடம்தான். பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர்கள் இயந்திரத்தோடு இருக்கிறார்கள். பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழம், இளநீர் போன்றவை பொதுவாக அவர்களுக்குக் கட்டுப்பாட்டில் இருக்கும். குடிக்கிற தண்ணீரே அளவுதான். பிலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சு. மூளையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. “அந்தக் காலத்துல தோட்டத்துல இளநீர் வெட்டிக் குடிப்போம்” என்று ஆசையோடு சொன்னவருக்கு இளநீர் வாங்கிப் போவது, அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டதற்கு அடையாளம்.

எனவே உணவு எதையும் வீட்டில் ஒருவரிடம் கேட்காமல் கொண்டுபோக வேண்டாம். டயாலிசிஸ் எந்தக் கிழமைகளில் என்பதை முதல் வரியாக எழுதி வையுங்கள். செவ்வாய், வியாழன், சனி போகிறவரை அந்த நாட்களின் மாலையில் பார்க்கப் போனால் அவருக்குப் பேசவே தெம்பு இருக்காது. கிழமையைத் தெரிந்துகொண்டு புதன்கிழமை வந்து நின்றாலே அவருக்குப் புரிந்துவிடும்.

எங்க பாட்டிக்கு மறதி நோய். நான் ஞாபகம் வெச்சுக்கிட்டு என்ன பிரயோசனம், அவங்களுக்கே சொன்னது ஞாபகம் இல்லையே?

இங்கேதான் மற்றவர்களிடத்தைவிட உங்கள் ஏடு அதிகம் உதவும், ஆனால் பயன்படுத்துகிற முறை மாறும். மேலே சொன்ன மாதிரி கேள்வியாகக் கேட்காதீர்கள். “போன வாரம் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?” என்பது அவருக்கு முடியாத பரீட்சை. செய்தியை நீங்களே முன்னால் வைத்துவிடுங்கள். “நீங்க விடியறதுக்கு முன்னாலயே தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போவீங்களாமே” என்று தொடங்கினால், அவர் மீதியைச் சொல்லத் தொடங்கலாம். அண்மையில் நடந்தது போய்விட்டாலும், இளவயதில் தினமும் செய்த வேலை பலருக்குப் பல காலம் நிற்கும். பால்மர நிரையின் எண், பால் பிடிக்கும் மங்கு கவிழ்த்து வைக்கும் விதம், கூட வெட்டியவர் பேர் போன்றவற்றை அவர் நல்ல நிலையில் இருக்கும்போது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கதையைப் பத்தாவது முறை சொல்கிறார் என்றால் “சொல்லிட்டீங்க பாட்டி” என்று தடுக்க வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த கதை என்பதால், அதில் இதுவரை கேட்காத ஓர் இடத்தைக் கேளுங்கள்: வெட்டுக்கத்தியை எந்தக் கல்லில் தீட்டினார், மழை பெய்து பால் கெட்டுப்போன நாளில் என்ன செய்தார்கள். இறந்துபோன கணவரை அவர் தேடினால், ‘அவர் இறந்துட்டாரே’ என்று ஒவ்வொரு முறையும் திருத்தினால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார். “தாத்தாவுக்கு உங்க கையால என்ன செஞ்சா பிடிக்கும்?” என்று அவரைப் பற்றியே பேச விடுங்கள். எந்தப் பேச்சில் அவர் அமைதியானார், எதில் கலங்கினார் என்பதை அன்றே எழுதி, அவரைப் பார்த்துக்கொள்கிற மகளிடமும் சொல்லுங்கள். நீங்கள் போகாத நாட்களில் அந்த மகளுக்கும் அது வேண்டியிருக்கும்.